ராணியம்மாள் நாற்காலியில் யார் உட்காருவது?

உங்கள் ஊர்த் தபாலாபீசில் கார்டு வாங்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? படியேறி உள்ளே போகிறீர்களா, வெளியே ஜன்னலடியில் நிற்கிறீர்களா? இந்தக் கேள்வியே உங்களுக்குப் புதிதாகத் தோன்றினால் நீங்கள் உள்ளே போகிறவர். ஜன்னலடியில் நிற்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

கீழ்க்கரணை, உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள ஊர். நெல்லும் கொஞ்சம் மணிலாக் கடலையும் விளையும். அங்கே ஒரு கிளைத் தபால் நிலையம் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களுக்குத் தபால் இலாகா கட்டடம் தருவதில்லை. யார் போஸ்ட்மாஸ்டரோ அவர் வீட்டில் ஓர் அறையை அவரே ஒதுக்கித் தர வேண்டும். பிழைப்புக்கு வேறு வருமானமும் அவருக்கு இருக்க வேண்டும். சொந்த வீடும் நிலமும் உள்ளவனே சபையில் உட்காரலாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து வியந்துவிட்டுப் போகிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. வீடில்லாதவன் அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

கீழ்க்கரணையின் போஸ்ட்மாஸ்டர் ராணியம்மாள். தென்னேரியில் பிறந்து, கீழ்க்கரணையில் விவசாயக் குடும்பம் ஒன்றில் இரண்டாவது மகன் சுப்பிரமணிக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனார் இருந்தவரை அவர்தான் போஸ்ட்மாஸ்டர். அவர் இறந்ததும் மூத்த மகன் வரதன் அந்த நாற்காலி தனக்கென்றே போட்டது என்று நினைத்தான். ஆனால் அவன் எட்டாவதோடு நின்றவன். அந்த வேலைக்கு அது போதும், கூடப் படித்தவருக்கே முன்னுரிமை. மனுப் போட்டவர்களில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் ராணியம்மாள் ஒருத்தியே. எப்படியோ ஆபீஸ் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி என்று மாமியார் கோவிந்தம்மாள் அன்றைக்குச் சம்மதித்தார். வரதன் சம்மதிக்கவில்லை. பேசாமல் இருந்தான், அவ்வளவுதான்.

அந்த முன்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சு ஊர்க்காரர்களுக்கு. காலனிக்காரர்களுக்கு ஜன்னல். மாமனார் காலத்தில் அப்படி இருந்தது, ராணியம்மாள் காலத்திலும் அப்படியே இருந்தது. அவள் மாமனாரைப்போல் அதட்ட மாட்டாள், மணியார்டர் பாரத்தைப் பொறுமையாக நிரப்பிக் கொடுப்பாள், எழுந்து ஜன்னலருகே போய்க் கையில் கொடுப்பாள். ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தான். நல்லவர்கள் கையால் நடக்கும்போது அநியாயம் இன்னும் வசதியாக நடக்கிறது.

இந்த 1984-ஆம் ஆண்டு தை மாதம், வயிற்றில் ஆறு மாதக் குழந்தையோடு இருந்தாள் ராணியம்மாள். ஆனால் வேலையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. நாலாம் மாதத்திலேயே ஊரெல்லாம் சொன்னதால் கண் பட்டுவிட்டது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். இரத்தம் குறைவாக இருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி எடுத்த காலையில்கூட அவள் மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். கண்ணைக் குற்றம் சொல்வது சுலபம். கண்ணுக்குச் சோறு போட வேண்டாம், ஓய்வும் தர வேண்டாம்.

வளைகாப்பு முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் தள்ளிப்போட்டாள். அந்தத் தள்ளிப்போடல்தான் வினையாயிற்று.

ஒருநாள் காலை வழக்கம்போல வீராசாமி உத்திரமேரூரிலிருந்து தபால் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பை கொண்டு வருவதும் அவர்தான், கடிதங்களை வீடு வீடாகக் கொடுப்பதும் அவர்தான். ராணியம்மாள் அரக்கு முத்திரையைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அறுத்தாள். உள்ளே அடுப்படியில் மாமியார் இல்லை என்று தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“வீராசாமிண்ணே, ஒரு சமாச்சாரம். யாராண்டயும் சொல்லாத.”

“இன்னாம்மா?”

“நான் முழுகாம கீறேன். ஆறாவது மாசம்.”

வீராசாமி கடிதங்களைத் தெரு வாரியாக அடுக்கியபடியே சிரித்தார்.

“இத நீ ரகசியமா வேற சொல்றியா? காலனிப் பொம்பளைங்க கார்த்திக மாசமே சொல்லிட்டாங்க. ஜன்னலாண்ட எழுந்து வரசொல்ல இடுப்புல கை வெச்சிக்கினு வரியாமே. நான்தான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி சுத்திக்கினு கீறேன்.”

“உத்திரமேரூர்ல சொல்லணும். லீவு கேக்கணும்.”

வீராசாமியின் சிரிப்பு நின்றது.

“அங்கயும் தெரியும்மா. நேத்து உங்க மச்சாண்டாரு ஜிலேபிப் பொட்டலத்தோட வந்தாரு. போஸ்ட்மாஸ்டர் ஐயருக்குக் குடுத்தாரு, கவுண்டர்ல கீற வேதாம்மாவுக்குக் குடுத்தாரு, எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. ‘எங்க வூட்டுப் பொண்ணு புள்ளாண்டிருக்குது, இனிமே நான்தான் பாத்துக்கப் போறேன், பழைய மாதிரி’ன்னாரு. உனக்குத் தெரிஞ்சிதான் வந்தாருன்னு நெனச்சேன்.”

ராணியம்மாள் அறுத்த கயிற்றை மேசையில் போட்டாள். தன் குழந்தையைப் பற்றித் தான் சொல்வதற்கு முன்பே வரதன் இனிப்போடு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கண் படும் என்ற பயமெல்லாம் அவள் வாய்க்கு மட்டும்தான் போலிருக்கிறது. ஜிலேபியை அவனிடம் யார் கேட்டார்கள்?

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கிளைத் தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் இலாகாவின் ஆட்கள் அல்ல, இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டுகள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, அலவன்ஸ்தான். லீவில் போக வேண்டுமானால் தன் இடத்தில் வேலை பார்க்க ஒரு பதில் ஆளைத் தானே தேடித் தர வேண்டும். அலவன்ஸ் அந்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஆள் தப்புச் செய்தால் பொறுப்பு லீவில் போனவருக்கு. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் வேலையே போய்விடலாம். பதில் ஆளாக உட்கார்ந்தவர் அதற்குள் நாற்காலியைத் தன்னுடையதாக்கிக்கொண்டால் கேட்பாரில்லை.

போன பிரசவத்தில் வரதன்தான் மூன்று வாரம் பதில் ஆளாக உட்கார்ந்தான். அப்போது காலனியில் பாக்கியமேரி என்ற பெண்ணுக்கு வேலை வாய்ப்பு அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதைத் தபாலோடு கொடுக்காமல் வரதன் மேசையில் போட்டு வைத்தான். வீராசாமி கேட்டதற்கு, “காலனிக்கு ஒரு லெட்டருக்காகத் தனியா போவியா? சேரட்டும், மொத்தமா எடுத்துக்கினு போ” என்றான். சேர்ந்தது. தேர்வு நாள் முடிந்த பிறகு அழைப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு பெண்ணின் வேலை, ஒருவனுடைய சோம்பலால்கூட இல்லை, அலட்சியத்தால் போயிற்று. அதற்கு யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

இனி வேறு யார்? வீராசாமி ஐந்தாவதுதான் படித்தவர். சுப்பிரமணி பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன், கணக்கென்றால் வேர்த்துவிடும். ஊரில் படித்த பையன்கள் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். தேறிய சான்றிதழோடு, வேலையில்லாமல், ஊரிலேயே இருந்த ஒரே ஆள் பாக்கியமேரி.

அன்று மாலை ராணியம்மாள் காலனிக்கு நடந்து போனாள். ஐந்து ஆண்டுகளாக அந்தத் தெருவின் பெயர்களையெல்லாம் கையால் எழுதியவள், அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான். பாக்கியமேரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்திருக்கவில்லை.

“போஸ்ட்மாஸ்டரம்மாவே வந்துட்டாங்க. தந்தியா?”

“இல்லம்மா. ஒரு உதவி கேக்க வந்தேன்.”

ராணியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, லீவு, தென்னேரிக்குத் தாய்வீடு போக வேண்டியது, பதில் ஆள். பாக்கியமேரி முழுவதும் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி போட்டாள்:

“உங்க மச்சாண்டார விட்டுட்டு என்ன ஏன் கேக்கறீங்க? எம்மேல பாசமா?”

“நீ படிச்சவ. கணக்கு தெரியும். போன தடவ உனக்கு நடந்தது...”

“அது இல்ல. நெசத்த சொல்லுங்க. எனக்கு ஊருக்குள்ள வூடு கெடையாது. எங்க குடிசையில போஸ்டாபீசு வெக்க எவனும் ஒத்துக்க மாட்டான். அதனால உங்க வேலைய என்னால புடுங்கிக்க முடியாது. அவரு புடுங்கிக்குவாரு. அதானே?”

ராணியம்மாளுக்கு முகம் சிவந்தது. வழி முழுக்கத் தான் நினைத்துக்கொண்டு வந்ததைப் பாக்கியமேரி அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

“அதும்தான்” என்றாள்.

“அப்பிடி வாங்க வழிக்கு” என்று சிரித்தாள் பாக்கியமேரி. அந்தச் சிரிப்பில் இனிமை இல்லை. “வரேன். ஆறு மாசம் வேல பாத்தேன்னு ஒரு பேப்பர் கெடைக்கும், அது எனக்கு ஒதவும். ஆனா நான் ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினு போஸ்ட்மாஸ்டர் வேல பாக்க முடியாது. நாற்காலியில உக்காருவேன். எங்கம்மா கார்டு வாங்க வந்தா படியேறி வருவா. இதுக்கு உங்க வூட்ல சரின்னு சொன்னா வந்து கூப்புடுங்க.”

மறுநாள் பகல் ராணியம்மாள் பஸ் ஏறி உத்திரமேரூர் துணைத் தபால் நிலையத்துக்குப் போனாள். போஸ்ட்மாஸ்டர் தேசிகன் நெற்றியில் நாமத்தோடு, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம், அப்பா காலத்தில் உத்தியோகத்துக்கு வந்தவர்கள். கவுண்டரில் இருந்த குமாஸ்தா வேதா இவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராணி! எத்தனை மாசம்? ஏண்டி இத்தனை நாள் சொல்லலை? உன் மச்சினர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?”

“வூட்ல சொல்லக்கூடாதுன்னாங்க. இப்ப நானே சொல்றேன் வேதாக்கா. சித்திரையில பொறக்கும்.”

“அப்போ மாசியிலேர்ந்தே லீவு போட்டுடு. நான் போன தடவை கடைசி வரைக்கும் வந்து காலெல்லாம் வீங்கிப்போச்சு. குழந்தை பிறந்து மூணு மாசம் ஆத்துல இருந்தேன். முழுச் சம்பளமும் வந்தது. இங்க என் இடத்துக்குச் செங்கல்பட்டுலேர்ந்து ஒருத்தரை அனுப்பினா.”

சொன்ன பிறகுதான் வேதாவுக்கு உறைத்தது. பிடித்த கையை விடாமல் நின்றாள்.

ஒரே முத்திரை, ஒரே பை, ஒரே அரக்கு. ஒருத்தி பெற்றால் பேறுகால விடுப்பு, சம்பளம், அவள் வேலையைப் பார்க்க இலாகாவே அனுப்பும் ஆள். இன்னொருத்தி பெற்றால் அவள் ஏதோ திருவிழாவுக்குப் போய்விட்டு வந்ததாகக் கணக்கு. இருவர் வயிற்றிலும் குழந்தை வளர்வது ஒரே மாதிரிதான். இலாகாவுக்கு மட்டும் அது தெரியவில்லை.

தேசிகன் கண்ணாடியைக் கழற்றினார். “சௌக்கியமா இரும்மா. உன் மச்சினர் பேரை இன்ஸ்பெக்டருக்கு எழுதி அனுப்பலாம்னு இருந்தேன். நீ வந்து சொன்னாத்தானே முறை, அதான் வெச்சிருக்கேன்.”

“அவரு வேணாம் சார். பாக்கியமேரின்னு ஒரு பொண்ணு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். காலனியில இருக்குது.”

தேசிகன் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். வேதா கவுண்டருக்குத் திரும்பிப் போனாள்.

“ஆபீஸ் உங்க ஆத்துல இருக்கு” என்றார் தேசிகன்.

“ஆமா சார்.”

“அவ அங்க வந்து உட்காரணும்.”

“ஆமா சார்.”

“ரூல்ல ஜாதி கிடையாதும்மா. ஆள் உன் பொறுப்பு, அவ்வளவுதான் போட்டிருக்கு. நான் எழுதறேன். ஆனா இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறப்போ ஆளும் இருக்கணும், இடமும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா உன் மச்சினர் பேர்தான் போகும். என்னைத் தப்பா நினைக்காதே.”

நினைக்கவில்லை. தப்பாக நினைக்கிற மாதிரி யாரும் எதுவும் செய்வதேயில்லை. எல்லோரும் ரூல்படி நடக்கிறார்கள். அதனால்தான் எல்லாம் இருந்தபடியே இருக்கிறது.

வீட்டில் அன்றிரவு சாப்பாட்டின்போதே ராணியம்மாள் சொல்லிவிட்டாள். தட்டில் கையை வைத்தபடி வரதன் அவளைப் பார்த்தான்.

“எங்க நைனா உக்காந்த எடம் அது.”

“நானும் அஞ்சு வருசமா உக்காந்துக்கினுதான் கீறேன்.”

“நீ எங்க வூட்டுப் பொண்ணு. அவ யாரு?”

கோவிந்தம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டார். “இன்னாடி உனக்குக் கிறுக்கா? வாயும் வயிறுமா கீற. அவ உக்காந்த நாற்காலியில நாளைக்கி எம் பேரப்புள்ள ஏறி வெளையாடணுமா?”

“அவ ஒட்டின ஸ்டாம்பத்தான் அத்த நான் தெனமும் தொட்டு முத்திர குத்தறேன். அந்தக் கையாலதான் உங்களுக்குச் சோறு போடறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே.”

“பதிலுக்குப் பதில் பேசாத!”

“ஒரு வருசத்துக்கு அப்புறம் வந்தாலும் உன் நாற்காலி இங்கதான் இருக்கும்” என்றான் வரதன், மெதுவாக. “நான் எங்க ஓடிடப் போறேன்? நீ புள்ளைய நல்லா வளத்துக்கினு வா.”

ஒரு வருடம். ஆறு மாதம் தாண்டினாலே வேலை போய்விடலாம். அந்தச் சொல்லை அவன் தெரிந்துதான் சொன்னான். ராணியம்மாள் கணவனைப் பார்த்தாள். சுப்பிரமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் அல்ல. தாய் குரல் உயர்ந்தால் அவனுக்குச் சோற்றில் உப்பிருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சி வந்துவிடும்.

வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையல். அந்த வளையல் கையோடு ஜன்னலுக்கு வந்த அவளைப் பார்த்துக் காலனிப் பெண்கள் வெளியில் நின்றே வாழ்த்தினார்கள். வரதன் முன்னறையில் வந்து பெஞ்சில் உட்காரத் தொடங்கினான். யார் வந்தாலும், “அடுத்த மாசத்துலேர்ந்து எங்கிட்டதான்” என்பான். ராணியம்மாளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. போன முறையும் இப்படித்தான் தொடங்கிற்று. இரவில் வயிற்றில் அசைவு இருக்கிறதா என்று கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தாள். அசைவு தெரிந்தால் தூங்குவாள்.

மாசிக் கடைசியில் தபால் இன்ஸ்பெக்டர் முத்துகிருஷ்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறந்து இருப்பைச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“பதில் ஆள் எங்க?”

“வெளியில நிக்குது சார்.”

பாக்கியமேரி வெயிலில், ஜன்னலுக்கும் படிக்கும் நடுவில் நின்றிருந்தாள். கையில் சான்றிதழ். வீட்டில் யாரும் சரியென்று சொல்லவில்லை, ராணியம்மாள்தான் துணிந்து கூப்பிட்டிருந்தாள். வீராசாமி பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள வாம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

பாக்கியமேரி ஒரு படி ஏறினாள். கோவிந்தம்மாள் உள்ளிருந்து வந்து நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் துடைப்பம். பெருக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டாரா, எடுத்துக்கொண்டு வந்தாரா என்பது தெரியவில்லை.

“சார், இது எங்க வூடு. கவருமெண்டு வூடு இல்ல. யாரு வரலாம் யாரு வரக்கூடாதுன்னு நாங்க சொல்லணும்.”

“தபாலாபீஸ்ல யார் வேணா வரலாம்மா.”

“அப்ப தபாலாபீச எடுத்துக்கினு போங்க!”

இன்ஸ்பெக்டர் வரதனைப் பார்த்தார். வரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். அவனுக்கு ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியம் இல்லை. தாய் பேசிக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் என்ன பண்ணட்டும்?” என்றார் இன்ஸ்பெக்டர் ராணியம்மாளிடம், சலிப்போடு. “ஆளு சரியா இருக்கு. இடம் தர மாட்டேங்கறாங்க. வேற இடம் காட்டினா எழுதிக்கறேன். இல்ல, இவரையே போட்டுடலாம். உங்களுக்கும் உடம்பு சரியில்ல, எதுக்கு வம்பு?”

ராணியம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேறு இடம் எங்கே? ஊரில் எந்த வீட்டுக்காரன் தருவான்?

“ரேடியோ ரூம் காலியாத்தான் கீது” என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். சுப்பிரமணி. வயலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு தெருவில் நின்றிருந்தான்.

“இன்னாடா சொல்ற?” என்றார் தாய்.

சுப்பிரமணி தாயைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையே பார்த்துப் பேசினான். “பஞ்சாயத்து ரேடியோ ரூம் சார். ஊருக்கும் காலனிக்கும் நடுவுல கீது. ரேடியோ ரிப்பேராயி ரெண்டு வருசமாவுது. கதவு இருக்குது, பூட்டு இருக்குது. இப்ப பஞ்சாயத்துக்குத் தலைவரே இல்ல, யூனியன் ஆபீஸ்லதான் அதிகாரம். நான் போயி கேட்டு எழுதி வாங்கியாரேன்.”

“டேய்!” என்றான் வரதன்.

“அண்ணே, போன புள்ளைய நான்தான் தூக்கிக்கினு போயி பொதச்சேன்” என்றான் சுப்பிரமணி. “இந்தத் தபா ராணி பேஜாரில்லாம அவங்கம்மா வூட்டுக்குப் போவணும்.”

அவன் வாழ்நாளில் சபையில் பேசியது அவ்வளவுதான். பிறகு யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து ஓர் அனுமதிக் காகிதம் வாங்கினான். இலாகாவும் தற்காலிகமாக இடம் மாற்றச் சம்மதித்தது.

பங்குனி தொடக்கத்தில் மேசையும் நாற்காலியும் இரும்புப் பெட்டியும் மாட்டு வண்டியில் ரேடியோ ரூமுக்குப் போயின. ராணியம்மாள் முத்திரையையும் சாவியையும் இருப்பையும் பாக்கியமேரியிடம் ஒப்படைத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும்.

“எதுனா சந்தேகம்னா வீராசாமிண்ணன்ட்ட சொல்லியனுப்பு. வேதாக்கா சொல்லித் தருவாங்க.”

“வாங்கிக்கினேன்னு எழுதிட்டேன்” என்றாள் பாக்கியமேரி. “நீங்க வரசொல்ல குடுத்தேன்னு எழுதுவேன். போங்க. போயி நல்லபடியா பெத்துக்கினு வாங்க.”

சித்திரையில் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் ராணியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, உரக்க அழுதுகொண்டு. ராணியம்மாள் அங்கிருந்தே ஒரு கார்டு எழுதினாள். ‘போஸ்ட்மாஸ்டர், கீழ்க்கரணை’ என்றே முகவரியிட்டாள். வீராசாமி பையில் கொண்டு வந்த கார்டைப் பாக்கியமேரி உரக்கப் படித்தாள். வீராசாமி அன்று கடிதம் கொடுத்த வீடுகளிலெல்லாம், “போஸ்டாபீசுக்குப் பொண்ணு பொறந்திருக்குது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

ஊர்க்காரர்கள் ரேடியோ ரூமுக்குப் போவதில்லை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, தண்டோராவும் போடவில்லை. ஆனால் ஒரு கார்டுக்காக உத்திரமேரூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். சேமிப்புக் கணக்கை அங்கே மாற்றிக்கொள்கிறார்கள். கடிதத்தைச் சந்தைக்குப் போகும்போது உத்திரமேரூர்ப் பெட்டியில் போடுகிறார்கள். பாக்கியமேரி காலையில் கதவைத் திறக்கிறாள், முத்திரையின் தேதியை மாற்றுகிறாள், உட்கார்ந்திருக்கிறாள். காலனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எத்தனை கார்டு வாங்க முடியும்? ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர் வாசல்வரை வந்தார். உள்ளே பார்த்தார். “ராணி எப்ப வரும்?” என்று கேட்டார். “ஆவணியில” என்றாள் பாக்கியமேரி. “அப்ப ஆவணியில வரேன்” என்று திரும்பிப் போனார். எழுதவேண்டிய கடிதம் ஆவணிவரை காத்திருக்கும் போலிருக்கிறது.

கிளைத் தபால் நிலையத்துக்கு வருமானம் குறைந்தால் அது நட்டக் கணக்கில் சேரும். நட்டக் கணக்கில் சேர்ந்தால் மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்ப்பார்கள். விற்பனை விழுந்துவிட்டது, காரணம் சொல்லவும் என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பாக்கியமேரி என்ன காரணம் எழுதுவாள்? எழுதினாலும் அதை ஒரு காரணமாக எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்? வரதன் டீக்கடையில், “காலனிக்காரி கைபட்டது, போஸ்டாபீசே பூட்டிக்கினு போவுது பாரு” என்கிறான். இப்படியே போனால், தென்னேரியில் கைக்குழந்தையோடு இருக்கும் ராணியம்மாள் திரும்பி வரும்போது உட்கார நாற்காலி இருக்காது. பாக்கியமேரிக்கு அந்த ஆறு மாத அனுபவக் காகிதமும் கிடைக்காது.

இது ஊழ்வினை அல்ல. கண் பட்டதும் அல்ல. கார்டு வாங்காத சில நூறு பேர் சேர்ந்து செய்கிற காரியம். சில நூறு பேர் கார்டு வாங்கினால் அது நின்றுபோகும்.

நீங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் இருந்தால், இந்த வாரமே கீழ்க்கரணைக்குப் போங்கள். காலையில் போனால் கதவு திறந்திருக்கும். பாக்கியமேரியிடம் உங்களுக்குத் தேவையான கார்டையும் கவரையும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே உட்கார்ந்து யாருக்காவது நாலு வரி எழுதி, அங்கேயே பெட்டியில் போடுங்கள். போகும்போது உங்கள் சாதிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.